எலும்பின் வெள்ளையில் ஒளிந்த ரத்தம்

பைக்கிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட ஒருவருக்கு எடுத்த சி.டி. ஸ்கேனை, மாணவர்கள் கைபேசியில் பார்க்கும்படி சாதாரணப் படங்களாக மாற்ற வேண்டும். மருத்துவக் கல்லூரி ஆசிரியை ஒருவர் அதற்காக கம்ப்யூட்டர் முன் உட்காருகிறார் என்று வைத்துக்கொள்வோம். மண்டையோட்டின் உட்சுவரை ஒட்டி மூன்று நான்கு மில்லிமீட்டர் தடிமனுக்கு ரத்தம் கசிந்து, பிறைநிலா வடிவில் படிந்திருக்கிறது. ரேடியாலஜிஸ்ட் தந்த அறிக்கையில் அது தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது. ஆசிரியை காட்ட விரும்புவதும் அதைத்தான்.

முதல் முறை மாற்றிச் சேமித்ததும் கிடைத்தது, மூடுபனிக்குள் எடுத்ததுபோன்ற மங்கிய படம். மூளை முழுவதும் ஒரே சாம்பல் பூச்சு. இரண்டாம் முறை மூளை அழகாகத் தெரிந்தது, ஆனால் ரத்தத்தைக் காணோம். மூன்றாம் முறை, மண்டையோட்டின் வெள்ளை வளையத்துக்கு உள்ளே தனிப் பட்டையாக ரத்தம் வந்து நின்றது. மூன்று முறையும் கோப்பு அதேதான், மூளையின் அதே குறுக்குவெட்டுதான். மாறியவை இரண்டே இரண்டு எண்கள்.

அந்த இரண்டு எண்களைப் புரிந்துகொள்ள, ஸ்கேன் கோப்புக்குள் இருப்பது உண்மையில் படமல்ல என்பதிலிருந்து தொடங்க வேண்டும். அதில் இருப்பது எண்களின் அடுக்கு. தலையை மெல்லிய தட்டுகளாக வெட்டி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியதுபோல நூற்றுக்கணக்கான தட்டுகள் இருக்கும். ஒவ்வொரு தட்டும் பெரும்பாலும் 512க்கு 512 கட்டங்கள் கொண்டது. ஒவ்வொரு கட்டத்திலும், அந்த இடத்தில் இருக்கும் பொருள் எக்ஸ்-கதிரை எவ்வளவு தடுக்கிறது என்பதற்கு ஓர் எண் பதிவாகியிருக்கும்.

அந்த எண்ணுக்கு ஹவுன்ஸ்ஃபீல்டு எண் என்று பெயர். சி.டி. ஸ்கேனரை உருவாக்கிய காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டு பிரிட்டனின் இ.எம்.ஐ. நிறுவனத்தில் வேலை பார்த்த பொறியாளர். கிராமஃபோன் குழல் முன் நாய் அமர்ந்திருக்கும் எச்.எம்.வி. இசைத்தட்டுகளில் தமிழ்த் திரைப்பாடல் கேட்டவர்களுக்கு அந்த நிறுவனம் அந்நியமானதல்ல. அந்த முத்திரை அன்று அதனுடையதாகத்தான் இருந்தது. 1971 அக்டோபர் 1 அன்று லண்டன் விம்பிள்டனில் இருந்த ஆட்கின்சன் மார்லி மருத்துவமனையில் முதல் நோயாளியின் தலை ஸ்கேன் செய்யப்பட்டது. அன்றைய படத்தில் ஒரு தட்டுக்கு 80க்கு 80 கட்டங்கள்தான். 1979இல் ஹவுன்ஸ்ஃபீல்டும், இதற்கான கணிதத்தைத் தனியே வகுத்திருந்த ஆலன் கார்மக்கும் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

அளவுகோல் எளியது. தண்ணீர் 0, காற்று கழித்தல் 1000. மற்ற எல்லாம் இந்த இரண்டை வைத்துத்தான். கொழுப்பு ஏறத்தாழ கழித்தல் 100. மூளைக்குள் இருக்கும் நீரறைகள் 0 முதல் 15 வரை. மூளைத் திசு 25 முதல் 40க்குள். புதிதாகக் கசிந்து உறைந்த ரத்தம் 50 முதல் 70 வரை. கெட்டியான எலும்பு 1000ஐத் தாண்டும். பல்லில் அடைத்த உலோகம் இருந்தால் எண் கோப்பின் உச்சிக்கே போய்விடும். பல ஸ்கேனர்களில் ஒரு கட்டத்துக்கான இடம் 12 பிட். அதாவது கழித்தல் 1024 முதல் 3071 வரை, மொத்தம் 4096 படிகள்.

சாதாரண பி.என்.ஜி. படத்தில், கறுப்பில் தொடங்கி வெள்ளையில் முடிய இருப்பது 256 சாம்பல் படிகள். கறுப்பு 0, வெள்ளை 255.

4096ஐ 256க்குள் அடக்க வேண்டும். எல்லாவற்றையும் சமமாக நெருக்கினால் 16 ஹவுன்ஸ்ஃபீல்டு படிகளுக்கு ஒரு சாம்பல் படி என்று கணக்கு வரும். ஆசிரியையின் முதல் படம் அப்படி வந்ததுதான். மூளைத் திசுவின் எண் 35 என்றால் அதற்குக் கிடைத்த சாம்பல் 66. ரத்தத்தின் எண் 65 என்றால் அதற்குக் கிடைத்தது 68. உயிர் போகும் வேறுபாடு, படத்தில் இரண்டே படி. எந்தக் கண்ணுக்கும் அது தெரியாது.

லாரியோடு நிறுத்தி எடை பார்க்கும் எடைமேடையில் ஒரு சவரன் தாலிக்கொடியை வைத்தால் என்ன ஆகும்? முள் அசையாது. நகைக்கடைத் தராசில் வைத்தால் மில்லிகிராம் வரை சொல்லும். ஆனால் அந்தத் தராசில் அரிசி மூட்டையை ஏற்ற முடியாது. ஏற்றினால், ஒரு மூட்டையா பத்து மூட்டையா என்று அதற்குத் தெரியாது, அளவு தாண்டிவிட்டது என்று மட்டும் காட்டும். ஸ்கேனிலும் இதேதான். எதை நிறுக்கப்போகிறோம் என்று முதலில் முடிவுசெய்து, அதற்கேற்ற தராசை எடுக்க வேண்டும். ரேடியாலஜிஸ்டுகள் அந்தத் தராசை 'விண்டோ' என்பார்கள்.

விண்டோவுக்கு இரண்டு எண்கள்: மையம், அகலம். ஸ்கேன் மென்பொருளின் திரையில் `WL`, `WW` என்று வருபவை இவைதான். மையத்திலிருந்து பாதி அகலத்தைக் கழித்தால் கீழ் எல்லை, கூட்டினால் மேல் எல்லை. கீழ் எல்லைக்குக் கீழே இருப்பதெல்லாம் கறுப்பு. மேல் எல்லைக்கு மேலே இருப்பதெல்லாம் வெள்ளை. நடுவே இருப்பவை மட்டும் 256 சாம்பல்களைத் தங்களுக்குள் பங்கிட்டுக்கொள்ளும்.

மூளைக்கு வழக்கமாக வைக்கும் விண்டோ மையம் 40, அகலம் 80. அதாவது 0 முதல் 80 வரை. ஆசிரியையின் இரண்டாவது படம் இது. மூளைத் திசு 112ஆம் சாம்பலுக்கும், ரத்தம் 207க்கும் போகின்றன. முதல் படத்தில் இரண்டு படியாக இருந்த இடைவெளி இப்போது 95 படி. பிறகு ஏன் ரத்தம் தெரியவில்லை?

காரணம், அது படிந்திருந்த இடம். மண்டையோட்டை ஒட்டிய மெல்லிய பட்டையில், ஒரு கட்டத்துக்குள் ரத்தம் மட்டும் இருப்பதில்லை. கொஞ்சம் எலும்பும் கலந்திருக்கும். கருவி இரண்டின் சராசரியைத்தான் எழுதும். ஒரு கட்டத்தில் பத்தில் ஒன்பது பங்கு ரத்தமும் ஒரு பங்கு எலும்பும் இருந்தால், சராசரி ஏறத்தாழ 158. மேல் எல்லையோ 80. ஆகவே அந்தக் கட்டம் முழு வெள்ளை. பக்கத்தில் உள்ள எலும்பும் முழு வெள்ளை. ரத்தம் எலும்போடு எலும்பாகிவிட்டது, மண்டையோடு கொஞ்சம் தடித்திருப்பதுபோல மட்டும் தோன்றுகிறது.

மூன்றாவது படத்துக்கு அவர் எடுத்தது மையம் 75, அகலம் 200. மூளை உறைக்கு அடியில் படியும் ரத்தத்தைத் தேடும்போது பயன்படுத்தும் விண்டோ இது. எல்லைகள் கழித்தல் 25 முதல் 175 வரை. இப்போது மூளை ஏறத்தாழ 77ஆம் சாம்பல், ரத்தம் 115. எலும்பு கலந்த அந்த ஓரக் கட்டமும் 234இல் நின்றுவிடுகிறது. எலும்பு மட்டுமே 255. மூளையின் நுணுக்கம் இந்தப் படத்தில் கொஞ்சம் குறைந்துபோனது உண்மை. அதை விட்டுக்கொடுத்துத்தான் ரத்தத்தின் விளிம்பு கிடைத்திருக்கிறது.

இதே தட்டில் மண்டையோட்டில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமானால் இன்னொரு விண்டோ வேண்டும்: மையம் 500, அகலம் 2000 என்ற அளவில். அதில் எலும்பின் உட்பகுதி தெரியும், முடிபோன்ற விரிசலும் தெரியும். மூளைக்கும் ரத்தத்துக்கும் இடையில் நான்கு படி வித்தியாசம்தான் மிஞ்சும். ஆக ஒரே தட்டிலிருந்து மூன்று பி.என்.ஜி. எடுக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே படத்தில் காட்டுவேன் என்று கிளம்புகிறவர் எதையும் காட்டாமல்தான் முடிப்பார்.

செய்முறைக்கு வருவோம். ஸ்கேன் கோப்புகள் டைகாம் என்ற வடிவத்தில் இருக்கும். அதில் பதிவாகியிருக்கும் எண் பெரும்பாலும் நேரடி ஹவுன்ஸ்ஃபீல்டு எண்ணாக இருக்காது. கோப்பின் தலைப்பில் `RescaleSlope`, `RescaleIntercept` என்று இரண்டு மதிப்புகள் தரப்பட்டிருக்கும். முதலாவதால் பெருக்கி, இரண்டாவதைக் கூட்ட வேண்டும். அதன் பிறகுதான் விண்டோ. பைத்தான் மொழியில் மொத்த வேலையும் இவ்வளவுதான்:

```python
import numpy as np
import pydicom
from PIL import Image

def to_gray(ds, level, width):
    hu = ds.pixel_array * float(ds.RescaleSlope) \
         + float(ds.RescaleIntercept)
    lo = level - width / 2
    g = np.clip((hu - lo) / width, 0, 1) * 255
    return np.round(g).astype(np.uint8)

ds = pydicom.dcmread("head_017.dcm")
img = Image.fromarray(to_gray(ds, 75, 200))
img.save("head_017_L75_W200.png")
```

கடைசி வரியில் கோப்பின் பெயரோடு மையமும் அகலமும் சேர்ந்திருப்பதைக் கவனிக்க வேண்டும். பி.என்.ஜி.யைத் திறந்து பார்க்கிறவருக்கு, அது எந்த எல்லைகளில் எடுக்கப்பட்டது என்று தெரிய வேறு வழி கிடையாது.

நிரல் எழுதத் தெரியாதவர்களுக்கு இமேஜ்ஜே என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. தட்டுகளின் அடுக்கை அதில் திறந்து, `Image > Adjust > Window/Level` வழியே எல்லைகளை வைத்து, `Image > Type > 8-bit` கொடுத்து, பிறகு `File > Save As > Image Sequence` என்று பி.என்.ஜி. வரிசையாகச் சேமிக்கலாம். 8 பிட்டுக்கு மாற்றும்போது, அந்த நேரத்தில் திரையில் எந்த எல்லைகள் இருக்கின்றனவோ அவற்றையே மென்பொருள் எடுத்துக்கொள்ளும். எல்லைகளை முதலில் வைத்த பிறகே மாற்ற வேண்டும். வரிசையைப் புரட்டிவிட்டால், இழந்தது திரும்பி வராது.

தவறுகள் எங்கே நேர்கின்றன என்பது படத்தைப் பார்த்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும். `RescaleIntercept`ஐக் கூட்ட மறந்தால், அதன் மதிப்பு பெரும்பாலும் கழித்தல் 1024 என்பதால், தண்ணீரே 1024 என்று நின்றுவிடும். மூளை விண்டோவில் தலை முழுவதும் வெள்ளைத் தட்டாக வரும். இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. தலைக்கு வெளியே காற்று இருக்கும் இடத்தில் கர்சரை வைத்தால் கழித்தல் 1000க்குப் பக்கத்தில் ஓர் எண் வர வேண்டும். மூளையின் நீரறையில் வைத்தால் 0 முதல் 15க்குள் வர வேண்டும். இரண்டும் சரியாக இருந்தால் அளவுகோல் சரி. படத்தின் நான்கு மூலைகளில் மட்டும் கழித்தல் 2000 போன்ற விநோத எண் வந்தால் பயப்பட வேண்டியதில்லை. ஸ்கேனரின் வட்டத்துக்கு வெளியே உள்ள காலி இடத்தை நிரப்பச் சில கருவிகள் போட்டுவைக்கும் எண் அது.

இன்னொரு தவறு, நிரலில் `np.clip` என்ற ஒரு சொல்லை விட்டுவிடுவது. 8 பிட் எண்ணுக்கு 255க்கு மேல் இடமில்லை. 256 வந்தால் அது மறுபடி 0 ஆகிவிடும், கார் மைலேஜ் மீட்டர் முழுச் சுற்று சுற்றிப் பூஜ்யத்துக்கு வருவதுபோல. எலும்பு இருக்கும் இடத்தில் வெள்ளையும் கறுப்பும் மாறிமாறி வரிக்குதிரைக் கோடுகள் தெரிந்தால் காரணம் இதுதான்.

வெளிப்படையாகத் தெரியாததால் மிகவும் கெடுதலானது மூன்றாவது தவறு. பல மென்பொருள்களில் 'ஆட்டோ' என்றொரு வசதி உண்டு. ஒவ்வொரு தட்டிலும் உள்ள மிகச் சிறிய எண்ணைக் கறுப்பாகவும் மிகப் பெரிய எண்ணை வெள்ளையாகவும் அதுவே வைத்துவிடும். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொரு படமும் நன்றாகவே இருக்கும். ஆனால் பல் தெரியும் தட்டில் உலோக அடைப்பு இருந்தால், அதை வெள்ளையாக்குவதற்காக மற்ற எல்லாம் இருண்டுவிடும். உச்சந்தலைத் தட்டில் உலோகம் இல்லை, எலும்புதான் உச்சம். அங்கே எல்லாம் பளிச்சென்று வரும். ஒரே ரத்தம் ஒரு தட்டில் ஒரு சாம்பல், அடுத்த தட்டில் வேறு சாம்பல். படங்களை வரிசையாக ஓட்டிப் பார்த்தால் பழைய டியூப்லைட் போல மினுக்கும். அந்த மினுக்கலை நோயின் மாற்றம் என்று ஒரு மாணவர் எடுத்துக்கொண்டால் அவரைக் குறைசொல்ல முடியாது. ஓர் அடுக்குக்கு ஒரே எல்லைகள் என்பதில் எந்தச் சலுகையும் கூடாது.

256 படிதானே சிக்கல், பி.என்.ஜி.யிலேயே 16 பிட் வகை இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். இருக்கிறது. அதில் 65,536 படிகள். எல்லா எண்களையும் இழப்பில்லாமல் அதில் வைக்கலாம். ஆனால் 4095 வரை மட்டுமே போகும் எண்களை அப்படியே அதில் எழுதினால், சாதாரணப் படக்காட்டி அவற்றை 65,535இல் எத்தனை பங்கு என்றே பார்க்கும். மிக உயர்ந்த எண்கூட ஆறு சதவீத வெளிச்சம்தான் பெறும். திறந்தால் கறுப்புச் சதுரம். சேமித்து வைக்க 16 பிட் நல்லது, பார்க்க உதவாது.

விண்டோவாலும் முடியாதவை உண்டு. உறைந்த ரத்தம் நாளாக ஆக எக்ஸ்-கதிரைத் தடுக்கும் திறனை இழக்கும். இரண்டு மூன்று வாரங்களில் அதன் எண் இறங்கி மூளையின் எண்ணுக்குச் சமமாகிவிடும். இரண்டும் 35 என்றால், எந்த எல்லைகளை வைத்தாலும் இரண்டும் ஒரே சாம்பல்தான். அப்போது அனுபவமுள்ள மருத்துவர் நிறத்தைப் பார்ப்பதில்லை. மூளையின் மடிப்புகள் ஓரத்திலிருந்து உள்ளே தள்ளப்பட்டிருக்கின்றனவா, நடுக்கோடு விலகியிருக்கிறதா என்று பார்ப்பார்.

அகலத்தைக் குறைத்துக்கொண்டே போனால் எல்லாம் தெரியும் என்பதும் சரியல்ல. ஒவ்வொரு கட்டத்தின் எண்ணிலும் சிறு தடுமாற்றம் இருக்கும், மேலும் கீழுமாக ஐந்து என்று வைத்துக்கொள்வோம். அகலம் 80 என்றால் ஐந்தின் ஏற்றம் 16 சாம்பல் படி. அகலத்தை 40 ஆக்கினால் அது 32 படி. நுணுக்கம் பெருகும் அதே அளவுக்கு இரைச்சலும் பெருகி, படம் ரவை தூவியதுபோல ஆகிவிடும். அதற்கு மருந்து விண்டோவில் இல்லை. அடுத்தடுத்த நான்கு மெல்லிய தட்டுகளைச் சராசரி எடுத்து ஒன்றாக்கினால், தடுமாற்றம் ஏறத்தாழ பாதியாகும். பதிலுக்கு, மெல்லிய பட்டைகள் மேலும் மங்கும்.

சி.டி. ஸ்கேனுக்குத் தண்ணீரும் காற்றும் என்ற உறுதியான அளவுகோல் இருப்பது பெரிய அதிர்ஷ்டம். நுண்ணோக்கியில் எடுக்கும் செல் படங்களின் அடுக்கில் அப்படி எதுவும் இல்லை. அங்கே எண் என்பது கேமராவில் விழுந்த வெளிச்சத்தின் அளவு மட்டும். விளக்கின் பிரகாசம் மாறினால் எண்ணும் மாறும். ஆகவே அடுக்கு முழுவதிலும் உள்ள எண்களைச் சேர்த்துப் பார்த்து, அடியிலும் உச்சியிலும் அரை சதவீதம் போல விட்டுவிட்டு எல்லைகளை முடிவுசெய்வது வழக்கம். ஆனால் மருந்து கொடுத்த செல்லையும் கொடுக்காத செல்லையும் ஒப்பிடும்போது இரண்டுக்கும் ஒரே எல்லைகள் வேண்டும். தனித்தனி எல்லைகள் வைத்தால், இல்லாத விளைவை இருப்பதாகக் காட்டிவிடலாம். செல் உயிரியல் ஆய்விதழ் ஒன்றில் 2004இல் மைக் ராஸ்னரும் கென்னத் யமாடாவும், வெளிச்சத்தை மாற்றுவதென்றால் படம் முழுவதுக்கும் ஒன்றுபோல மாற்ற வேண்டும், இருப்பது மறையும் அளவுக்கு மாற்றக் கூடாது என்று விரிவாக எழுதினார்கள். அதற்கான தேவை அப்போதே வந்துவிட்டது.

நோயாளிக்கும் இதில் நேரடித் தொடர்பு இருக்கிறது. ஸ்கேன் சென்டரில் பெரிய கறுப்பு ஃபிலிமில் அச்சிட்டுத் தருவது, யாரோ ஒருவர் தேர்ந்தெடுத்த எல்லைகளில் உறைந்துபோன படம். அதைக் கைபேசியில் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால், அந்தச் செயலி அதை மேலும் சுருக்கி அனுப்பும். எல்லைக்கு வெளியே வெள்ளையாகிப்போன கட்டத்தில் இருந்தது 158ஆ 1000மா என்று இனி யாராலும் மீட்க முடியாது. பி.என்.ஜி. சேமிக்கும்போது எதையும் இழப்பதில்லை, ஆனால் அதற்குக் கொடுக்கும் முன்பே இழப்பு முடிந்துவிடுகிறது. ஒரு கட்டம் எத்தனை மில்லிமீட்டர் என்ற தகவலும் பி.என்.ஜி.யோடு வழக்கமாக வராது. அதனால் கட்டியின் அளவை அதிலிருந்து நம்பி எடுக்க முடியாது. பாடம் நடத்த, நூலில் அச்சிட, உறவினருக்கு விளக்க அது போதும். இன்னொரு மருத்துவரிடம் இரண்டாவது கருத்துக் கேட்கப் போதாது.

அந்த மருத்துவருக்குத் தேவை டைகாம் கோப்புகள். அவர் தன் கேள்விக்கேற்ற விண்டோவைத் தானே வைத்துப் பார்க்க வேண்டும். எனவே ஸ்கேன் எடுத்த அன்றே, ஃபிலிமோடும் அறிக்கையோடும் சேர்த்து, மூலக் கோப்புகள் அடங்கிய குறுந்தகட்டையோ பென் டிரைவ் பதிவையோ கேட்டு வாங்குங்கள். மெல்லிய தட்டுகளையும் சேர்த்துத் தரச் சொல்லுங்கள். ஃபிலிமையும் கைபேசிப் படத்தையும்விட அதைப் பத்திரமாக வைத்திருங்கள்.